டூரிங் இயந்திரத்தின் ஓட்டத்தை வரி வரியாக எழுதுவது எப்படி: அமைவுகளும் ‘தரும்’ உறவும்

டூரிங் இயந்திரத்துக்கு விதி அட்டவணை போடச் சொன்னால் பெரும்பாலான மாணவர்கள் போட்டுவிடுகிறார்கள். “சரி, 1011 என்ற உள்ளீட்டுக்கு முழு ஓட்டத்தையும் எழுது” என்றால்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. அம்பு போட்ட படங்கள், அழித்து அழித்து எழுதிய கட்டங்கள், நடுவில் காணாமல் போன ஒரு படி. கேட்டால் “மனசுல ஓட்டிப் பார்த்தேன் சார், சரியாத்தான் வந்துச்சு” என்பார்கள்.

அந்த ஓட்டத்தை வரி வரியாக, ஒவ்வொரு வரியையும் தனியே சரிபார்க்கும்படி எழுதுவதுதான் இங்கே வேலை. எடுத்துக்கொள்ளும் இயந்திரம் மிகச் சிறியது: இருமத்தில் எழுதிய ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டும். சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம். இதற்குள் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. அட்டவணையை மட்டும் பார்த்தால் அது தெரியாது, வரிகளை எழுதினால்தான் வெளியே வரும்.

## 1. பேனா எடுக்குமுன் முடிவு செய்ய வேண்டியவை

முதலில் அட்டவணை. நம் இயந்திரத்துக்கு மூன்று நிலைகள். `p` வலது பக்கமாக ஓடிக் கடைசி இலக்கத்தைத் தேடும், `q` கைமாற்றை இடது பக்கமாகச் சுமந்து செல்லும், `h` நிறுத்தம். நாடாவில் வரும் குறிகள் `0`, `1`, வெற்றுக்கட்டத்துக்கு `_`.

```
(p, 0) -> (p, 0, R)
(p, 1) -> (p, 1, R)
(p, _) -> (q, _, L)
(q, 1) -> (q, 0, L)
(q, 0) -> (h, 1, R)
(q, _) -> (h, 1, R)
```

நான்காவது விதியை இப்படிப் படிக்க வேண்டும்: நிலை `q`-வில் இருக்கும்போது தலைக்குக் கீழே `1` இருந்தால் அதை `0` ஆக்கு, `q`-விலேயே இரு, தலையை ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்து. ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் சுழியம் போட்டு ஒன்றைக் கைமாற்றாகக் கொண்டுபோகிறோமே, அதேதான்.

இரண்டாவதாக, நிலைகளின் பெயர்கள் நாடாவில் வரும் குறிகளோடு மோதக் கூடாது. புத்தகங்களில் `q0`, `q1` என்று பெயர் வைப்பார்கள். கீழே சிறியதாக எண் போடும்போது அது தொல்லையில்லை. கையால் எழுதும்போதும் தட்டச்சு செய்யும்போதும் எல்லாம் ஒரே வரிசையில் வந்துவிடும். `11q11` என்று ஒரு வரி இருந்தால், அது நிலை `q` வந்து அதன் பிறகு இரண்டு ஒன்றுகளா, நிலை `q1` வந்து ஒரே ஒன்றா? எழுதியவருக்கே பத்து நிமிடம் கழித்துத் தெரியாது. அதனால்தான் இங்கே எல்லா நிலைகளுக்கும் ஒற்றை எழுத்துப் பெயர்.

மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்: நாடா எப்படிப்பட்டது? சில பாடங்களில் நாடாவுக்கு இடது ஓரம் உண்டு, வலப்பக்கம் மட்டும் முடிவில்லாமல் போகும். சில பாடங்களில் இரண்டு பக்கமும் முடிவில்லை. இடது ஓரம் உள்ள நாடாவில் தலை ஓரத்தில் நிற்கும்போது `L` வந்தால் என்ன செய்வது என்பதிலும் பழக்கங்கள் வேறுபடுகின்றன. இங்கே முதலில் இடது ஓரம் உள்ள நாடாவை எடுத்துக்கொள்கிறேன். ஓரத்தில் `L` வந்தால் தலை நின்ற இடத்திலேயே நிற்கும். இதைத் தாளின் மேலே எழுதி வையுங்கள், ஐந்தாம் பகுதியில் தேவைப்படும்.

## 2. ஓர் அமைவை எழுதுதல்

ஓட்டத்தின் நடுவில் இயந்திரத்தை அப்படியே நிறுத்தி ஒரு போட்டோ எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் போட்டோவை மட்டும் வாங்கிப் பார்க்கும் ஒருவர், அட்டவணையின் துணையோடு மீதி ஓட்டத்தை முழுக்கத் தொடர முடிய வேண்டும். அதற்கு என்னென்ன வேண்டும்? நாடாவில் என்ன எழுதியிருக்கிறது, தலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது. இந்த மூன்றும் போதும். இதற்கு முன் என்ன நடந்தது என்பது வேண்டியதில்லை, ஏனென்றால் அட்டவணை அதைக் கேட்பதே இல்லை.

இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அமைவு. வகுப்பில் கான்ஃபிகரேஷன் என்பார்கள். டூரிங் தம் 1936 கட்டுரையில் நிலையையும் படிக்கும் குறியையும் மட்டும் சேர்த்து அந்தச் சொல்லால் அழைத்தார். நாடா முழுவதும் சேர்ந்ததற்கு ‘முழு’ என்ற அடைமொழியைக் கூடச் சேர்த்தார். பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது குழம்பாமல் இருக்க இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

மூன்றையும் ஒரே வரியில் அடக்கும் வழி எளிது. நாடாவில் உள்ளதை அப்படியே எழுதி, தலை நிற்கும் கட்டத்துக்குச் சற்று முன்னால் நிலையின் எழுத்தைச் செருகிவிடுங்கள்.

```
10q10
```

இதன் பொருள்: நாடாவில் `1010` இருக்கிறது, நிலை `q`, தலை மூன்றாவது கட்டத்தின் மேல் நிற்கிறது, அங்கே இருப்பது `1`. பொதுவாக எழுதினால் `u s v`. `u` என்பது தலைக்கு இடப்பக்கம் உள்ள சரம், `s` நிலை, `v`-யின் முதல் எழுத்து தலைக்குக் கீழே உள்ள குறி.

புதிதாக எழுதுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, நிலைக்கு இடப்பக்கம் உள்ள எழுத்தைப் படிப்பது. `10q10`-இல் `0`-வைப் படித்துவிடுவார்கள். சில வரிகளில் இரண்டு பக்கமும் ஒரே குறி இருப்பதால் தவறு வெளியே தெரியாது. அதற்குப் பிறகு இரண்டு வரி தள்ளித்தான் வெடிக்கும். எனவே ஒவ்வொரு வரியையும் எழுதியதும் நிலைக்கு வலப்பக்கம் உள்ள எழுத்தின் அடியில் ஒரு கோடு போடுங்கள். முதல் பத்து வரிகளுக்குப் போட்டால் போதும், பிறகு கண் பழகிவிடும்.

வெற்றுக்கட்டங்கள் விஷயத்தில் ஓர் ஒழுங்கு வேண்டும். நாடா முடிவில்லாதது, ஆனால் எந்த நேரத்திலும் அதில் எண்ணி முடிக்கக்கூடிய அளவு கட்டங்களில்தான் ஏதாவது எழுதியிருக்கும். எனவே `v`-யின் வால் பக்கத்தில் வரும் வெற்றுக்கட்டங்களை எழுத வேண்டாம். தலை எழுத்துகளைத் தாண்டி வெளியே நின்றால் வரி நிலையின் எழுத்தோடு முடியும். `1011p` என்றால் `1011p_` என்றே பொருள். விதியைத் தேடும்போது அந்த `_` அங்கே இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நிலைக்கு முன்னால் உள்ள வெற்றுக்கட்டங்களை வெட்டக் கூடாது. `1011p` வேறு, `1011_p` வேறு. இரண்டாவதில் தலை இன்னும் ஒரு கட்டம் தள்ளி நிற்கிறது. அந்த `_`-ஐ விட்டால் தலை எங்கே நிற்கிறது என்ற செய்தியே போய்விடும்.

## 3. ‘தரும்’ உறவு

ஓர் அமைவிலிருந்து ஒரே படியில் அடுத்த அமைவுக்குப் போக முடிந்தால், முதலாவது இரண்டாவதைத் தரும் என்கிறோம். `C ⊢ D` என்று எழுதுவோம். இதை வரையறுக்கும்போது அட்டவணையின் ஒரு விதி வரியில் எப்படிப்பட்ட மாற்றமாகத் தெரிகிறது என்று பார்த்தால் போதும்.

விதி `(s, b) -> (s', c, R)` என்றால்:

```
u s b v   ⊢   u c s' v
```

`b` இருந்த இடத்தில் `c` வந்தது, தலை அதைத் தாண்டி வலப்பக்கம் போனது. எனவே `c` இப்போது நிலைக்கு இடப்பக்கம் வந்துவிடுகிறது.

விதி `(s, b) -> (s', c, L)` என்றால்:

```
u a s b v   ⊢   u s' a c v
```

இங்கேதான் கை தடுமாறும். தலை இடப்பக்கம் போவதால் `a` என்ற ஓர் எழுத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. `a` மாறவில்லை, ஆனால் நிலை அதற்கு முன்னால் தாவுகிறது. நான் பார்த்த தவறுகளில் பாதி, `c`-ஐ எழுதிவிட்டு நிலையை நகர்த்த மறப்பது: `101q1` என்பதிலிருந்து `101q0` என்று எழுதுவார்கள். எழுதும் வேலை நடந்தது, நகரும் வேலை நடக்கவில்லை. சரியான வரி `10q10`.

இதற்கு ஒரு கைவழி உண்டு. ஒரே மூச்சில் எழுதாமல் இரண்டு அசைவாகச் செய்யுங்கள். முதலில் நிலைக்கு வலப்பக்கம் உள்ள எழுத்தை மாற்றுங்கள், அப்புறம் நிலையின் எழுத்தை ஓர் இடம் தள்ளிவைத்துப் புதுப் பெயரைக் கொடுங்கள். இரண்டும் முடிந்த பிறகே அடுத்த வரியாகத் தாளில் இறக்குங்கள்.

மூன்றாவது சூழல், தலை இடது ஓரத்தில் நிற்கும்போது `L` வருவது. அப்போது `a` என்று எடுக்க எதுவும் இல்லை. நாம் எடுத்துக்கொண்ட பழக்கப்படி:

```
s b v   ⊢   s' c v
```

எழுதுகிறது, நிலை மாறுகிறது, ஆனால் நகரவில்லை.

அட்டவணையில் பொருந்தும் விதியே இல்லையென்றால் அந்த அமைவு எதையும் தராது. `h`-க்கு நாம் விதியே எழுதவில்லை என்பதால் `h` வரும் எந்த வரியும் கடைசி வரிதான். வேறு நிலையில் விதி கிடைக்காமல் நின்றால் அதை என்னவென்று சொல்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பொதுவாக அதை ‘மறுத்தது’ என்று எடுத்துக்கொள்வார்கள். கூட்டல் இயந்திரத்தில் எனக்கு அது ‘அட்டவணையில் ஓட்டை’ என்றுதான் படும்.

## 4. 1011: முழு ஓட்டம்

தொடக்க அமைவில் தலை முதல் குறியின் மேல் நிற்கும், எனவே நிலை வரியின் தொடக்கத்தில் வரும். பக்கத்தில் படியின் எண்ணைப் போடுங்கள். எண் போடாதவர்கள்தான் ஒரு படியை விட்டுவிடுகிறார்கள்.

```
0   p1011
1   1p011
2   10p11
3   101p1
4   1011p
5   101q1
6   10q10
7   1q000
8   11h00
```

எளிய வரிகளை விட்டுவிட்டு நான்காவதிலிருந்து பார்ப்போம்.

வரி 4-இல் தலை எழுத்துகளைத் தாண்டிவிட்டது. `p` வெற்றுக்கட்டத்தைப் படிக்கிறது. விதி `(p, _) -> (q, _, L)`. வெற்றாகவே விட்டு இடப்பக்கம் வருகிறது. `1011p_` என்பதில் `a` ஆக வருவது கடைசி `1`. அதற்கு முன்னால் `q` தாவினால் `101q1_`, வாலில் உள்ள வெற்றை வெட்டினால் வரி 5.

வரி 5-இல் `q` படிப்பது `1`. அது `0` ஆகிறது, `q` அதற்கு முந்தைய `1`-க்கு முன்னால் போகிறது: `10q10`. வரி 6-இல் மறுபடியும் `1`, மறுபடியும் அதே விதி. `1` சுழியமாகி, `q` முந்தைய `0`-வின் முன்னால் தாவுகிறது: `1q000`. இப்போது `q` படிப்பது `0`. கைமாற்று இறங்க இடம் கிடைத்துவிட்டது. `0`-வை `1` ஆக்கி, வலப்பக்கம் நகர்ந்து, நிற்கிறது.

கடைசி வரியில் நிலையின் எழுத்தை எடுத்துவிட்டால் `1100`. பதினொன்றோடு ஒன்று, பன்னிரண்டு.

எட்டுப் படிகள், ஆனால் ஒன்பது வரிகள். விடைத்தாளில் “ஒன்பது படிகளில் முடிந்தது” என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் உண்டு. படி என்பது இரண்டு வரிகளுக்கு நடுவில் உள்ள `⊢`. வரிகளை சுழியத்திலிருந்து எண்ணினால் கடைசி வரியின் எண்ணே படிகளின் எண்ணிக்கையாகிவிடும், குழப்பமே வராது.

## 5. 111: அட்டவணை சொல்லாமல் விட்டது

இப்போது அதே அட்டவணை, அதே நாடா, உள்ளீடு மட்டும் `111`. ஏழோடு ஒன்று, எட்டு, அதாவது `1000` வர வேண்டும்.

```
0   p111
1   1p11
2   11p1
3   111p
4   11q1
5   1q10
6   q100
7   q000
8   1h00
```

வந்தது `100`. எட்டுக்குப் பதில் நான்கு.

எங்கே பிசகியது என்று தேட வரி 6-க்கும் 7-க்கும் நடுவில் பாருங்கள். `q100`-இல் தலை இடது ஓரத்தில் நிற்கிறது. `1` சுழியமாகிறது, `L` சொல்கிறது இடப்பக்கம் போ என்று. போக இடமில்லை, அதனால் அங்கேயே நிற்கிறது. இப்போது தலைக்குக் கீழே இருப்பது, அது ஒரு நொடி முன்பு தானே எழுதிய `0`. அதை இயந்திரம் எண்ணின் இலக்கம் என்று நினைத்து, கைமாற்றை அதன் மேல் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. `(q, _)` என்ற கடைசி விதியை இந்தச் சூழலுக்காகத்தான் எழுதினோம். ஆனால் அது பயன்படவே இல்லை.

மனதுக்குள் ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் இங்கே `1000` என்றே சொல்வார்கள். ஏனென்றால் அவர்கள் மனதில் இருப்பது இரண்டு பக்கமும் நீளும் நாடா. அப்படிப்பட்ட நாடாவில் மூன்றாவது சூழலின் விதி வேறு:

```
s b v   ⊢   s' _ c v
```

இடப்பக்கம் ஒரு புதிய வெற்றுக்கட்டம் வரிக்குள் நுழைகிறது. வரி 6 வரை எல்லாம் அதேதான். அதன் பிறகு:

```
6   q100
7   q_000
8   1h000
```

இப்போது `(q, _)` விதி வேலை செய்கிறது, விடை `1000`.

அட்டவணையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. உள்ளீடு மாறவில்லை. `⊢` என்பதற்கு என்ன பொருள் என்பது மட்டும் மாறியது, விடையும் மாறிவிட்டது. அதனால்தான் முதல் பகுதியில் நாடாவின் வகையைத் தாளின் மேலே எழுதச் சொன்னேன். அட்டவணை மட்டும் இயந்திரம் ஆகாது, அட்டவணையும் ‘தரும்’ உறவும் சேர்ந்தால்தான் இயந்திரம்.

வரிகளை எழுதியதில் இன்னொரு லாபமும் உண்டு. இடது ஓரம் உள்ள நாடாவில் எழுதிய அந்த ஒன்பது வரிகளையும் எண்ணிப் பாருங்கள், எல்லாமே நான்கு எழுத்து. இது தற்செயல் இல்லை. வரி நீள வேண்டுமென்றால் எழுத்துகளுக்கு வலப்பக்கம் உள்ள வெற்றுக்கட்டத்தில் ஏதாவது எழுத வேண்டும், அல்லது அதைத் தாண்டி நகர வேண்டும். வெற்றுக்கட்டத்தை `p` படிக்கும்போது உள்ள விதி அதை வெற்றாகவே விட்டுத் திரும்பிவிடுகிறது. `q` அந்தப் பக்கம் போவதே இல்லை. எனவே மூன்று இலக்கம் கொடுத்தால் மூன்று இலக்கத்துக்கு மேல் இந்த நாடாவில் வரவே வராது. `1000` கிடைக்காது என்பதற்கு இதுவே நிரூபணம், ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்.

## 6. ஓரம் உள்ள நாடாவிலேயே சரிசெய்தல்

பரீட்சையில் நாடா எது என்று அவர்களே சொல்லியிருப்பார்கள், மாற்ற முடியாது. எனவே அட்டவணையைத்தான் திருத்த வேண்டும். இடது ஓரத்தை இயந்திரத்துக்குத் தெரியவைக்க முதல் கட்டத்தில் `#` என்ற ஒரு குறியை வைப்போம். உள்ளீடு `#111`.

இலக்கங்கள் எல்லாம் `1` ஆக இருந்தால்தான் கைமாற்று `#` வரை வரும். அப்படி வந்தால் வழியில் உள்ள எல்லாம் ஏற்கெனவே சுழியமாகியிருக்கும். எனவே முதல் சுழியத்தை `1` ஆக்கி, வலது கோடியில் ஒரு சுழியத்தைக் கூட்டினால் போதும். எல்லா இலக்கத்தையும் ஓர் இடம் நகர்த்தும் பெரிய வேலை தேவையில்லை. `(q, _)` விதியை எடுத்துவிட்டு இவற்றைச் சேருங்கள்:

```
(p, #) -> (p, #, R)
(q, #) -> (r, #, R)
(r, 0) -> (t, 1, R)
(t, 0) -> (t, 0, R)
(t, _) -> (h, 0, R)
```

ஓட்டம்:

```
0    p#111
1    #p111
2    #1p11
3    #11p1
4    #111p
5    #11q1
6    #1q10
7    #q100
8    q#000
9    #r000
10   #1t00
11   #10t0
12   #100t
13   #1000h
```

கடைசி வரி மட்டும் ஆறு எழுத்து. வரி நீண்ட அந்த ஓர் இடத்தில்தான் புதிய இலக்கம் பிறக்கிறது. மூன்றாவது சூழலின் விதி இப்போது எங்குமே பயன்படவில்லை என்பதையும் கவனியுங்கள். தலை `#`-இல் நிற்கும்போது `L` வரும் விதி எதுவும் இல்லை. அதனால் இந்த அட்டவணை இரண்டு வகை நாடாவிலும் ஒரே விடையைத் தரும்.

திருத்தியாயிற்று என்று பேனாவை மூடுமுன் மிகச் சிறிய உள்ளீட்டையும் எழுதிப் பார்த்துவிடுங்கள். வெறும் `#` கொடுத்தால்: `p#`, `#p`, `q#`, `#r`. அங்கே நின்றுவிடும். `r` வெற்றுக்கட்டத்தைப் படித்தால் என்ன செய்வது என்று நாம் சொல்லவே இல்லை. இலக்கமே இல்லாததைச் சுழியம் என்று கொள்வதானால் `(r, _) -> (h, 1, R)` என்று ஒரு விதியைச் சேர்க்க வேண்டும். நான்கே வரி எழுதியதில் கிடைத்த ஓட்டை இது.

## 7. எழுதிய வரிகளைச் சரிபார்த்தல்

மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. முதல் முறை செய்த அதே தவறை இரண்டாம் முறையும் செய்வோம். அதற்குப் பதில், அடுத்தடுத்த இரண்டு வரிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

```
10q10
1q000
```

முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அப்படியே இருக்கின்றன. மாறியவை நடுவில் உள்ள மூன்று மட்டுமே: மேல் வரியில் நிலை இருந்த இடம், அதற்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மூன்றாம் பகுதியில் உள்ள சூத்திரங்களைப் பார்த்தால் காரணம் தெரியும். `L` நகர்வில் `a s b` என்ற மூன்று எழுத்து `s' a c` ஆகிறது. `R` நகர்வில் `s b` என்ற இரண்டு எழுத்து `c s'` ஆகிறது. `u`-வும் `v`-யும் தொடப்படுவதே இல்லை.

எனவே நிலையின் எழுத்துக்கு இரண்டு இடம் தள்ளி ஏதாவது மாறியிருந்தால், அந்த வரி தவறு. எந்த விதி என்று தேடக்கூட வேண்டாம். வரிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக நேராக எழுதினால் இந்தச் சோதனை கண்ணாலேயே முடிந்துவிடும். கட்டம் போட்ட நோட்டில், கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

இடது ஓரம் நீளும் நாடாவில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. `q100`, `q_000` என்ற இரண்டு வரிகளை இடது விளிம்பில் பொருத்தினால், நிலையிலிருந்து தள்ளி வலது கோடியில் ஒரு `0` புதிதாக முளைத்தது போலத் தெரியும். அந்த ஒரு படியில் மட்டும் வலது விளிம்பைப் பொருத்திப் பாருங்கள்.

கையால் எழுதியதைக் கணினியில் ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு, ஒரு படியை மட்டும் செய்யும் பைத்தான் நிரல் இது. `d` என்பது அட்டவணை.

```python
def step(u, s, v, d):
    b = v[0] if v else "_"
    if (s, b) not in d:
        return None
    t, c, m = d[(s, b)]
    rest = v[1:]
    if m == "R":
        return u + c, t, rest
    if u == "":
        return "", t, (c + rest).rstrip("_")
    return u[:-1], t, (u[-1] + c + rest).rstrip("_")
```

`u == ""` என்று சோதிக்கும் அந்த இரண்டு வரிகள்தான் ஐந்தாம் பகுதியின் முழுக் கதையும். அங்கே `c`-க்கு முன்னால் `"_" +` என்று சேர்த்தால் இரண்டு பக்கமும் நீளும் நாடா ஆகிவிடும். `rstrip` வலப்பக்க வாலை மட்டும் வெட்டுகிறது, `u`-வை அது தொடவில்லை.

## 8. பல படிகளும் முடியாத ஓட்டமும்

`p1011 ⊢ 11h00` என்று எழுதுவது தவறு. `⊢` ஒரே ஒரு படிக்கு மட்டும்தான். இடையில் உள்ளதை விட்டுவிட்டு எழுத `⊢*` இருக்கிறது: `p1011 ⊢* 11h00`. இதன் பொருள் ‘சுழியம் அல்லது அதற்கு மேற்பட்ட படிகளில் போகலாம்’. சுழியமும் அடக்கம் என்பதால் எந்த அமைவும் தன்னையே `⊢*` உறவில் தரும். இது வெறும் வசதிக்காகச் சேர்த்தது போலத் தோன்றும். ஆனால் “எத்தனை படியானாலும் இது உண்மை” என்று தொகுத்தறி முறையில் நிறுவும்போது தொடக்கப் படியே அதுதான்.

நிற்காத ஓட்டம் இரண்டு விதமாக வரும், வரிகளில் இரண்டும் வேறு வேறாகத் தெரியும்.

நான்காவது விதியை எழுதும்போது கை தவறி `(q, 1) -> (q, 1, L)` என்று எழுதிவிட்டோம் என்று வைப்போம். ஓரம் உள்ள நாடாவில் `111` கொடுத்தால் ஒரு கட்டத்தில் `q111` வரும். அதன் அடுத்த வரியும் `q111`தான். ஏற்கெனவே எழுதிய ஒரு வரி எழுத்து மாறாமல் மறுபடி வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஒவ்வோர் அமைவுக்கும் அடுத்தது ஒன்றே ஒன்றுதான் என்பதால் வந்த வழியே சுற்றிக்கொண்டே இருக்கும். நாடா மட்டும் ஒரே மாதிரி வந்தால் போதாது, நிலையும் தலையின் இடமும் பொருந்த வேண்டும்.

மூன்றாவது விதியை `(p, _) -> (p, _, R)` என்று மாற்றினால் கதை வேறு. `111p`, `111_p`, `111__p` என்று போய்க்கொண்டே இருக்கும். எந்த வரியும் திரும்ப வராது, ஆனால் நிற்கவும் நிற்காது. நிலைக்கு முன்னால் உள்ள வெற்றுகளை வெட்டும் பழக்கம் உள்ளவர் இதை `111p`, `111p` என்று எழுதி, திரும்ப வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார். நிற்காது என்ற முடிவு இங்கே தற்செயலாகச் சரியாக இருக்கும். ஆனால் காரணம் தவறு.

## 9. முழு ஓட்டமும் ஒரே சரமாக

கடைசியாக, வரிகளைக் கீழே கீழே எழுதாமல் ஒரே சரமாகக் கோக்கலாம். நடுவில் போடும் குறி நாடாவிலும் நிலைப் பெயர்களிலும் இல்லாததாக இருக்க வேண்டும். `#` ஏற்கெனவே நாடாவுக்குப் போய்விட்டதால் `$` எடுத்துக்கொள்வோம்.

```
$p1011$1p011$10p11$101p1$1011p$101q1$10q10$1q000$11h00$
```

இப்படி ஒரு சரத்தை யாராவது நீட்டி “இது 1011-இன் ஓட்டம்” என்றால் மூன்று கேள்வி கேட்டால் போதும். முதல் துண்டு `p`-யில் தொடங்கி அதன் பிறகு உள்ளீடு வருகிறதா? ஒவ்வொரு துண்டும் அடுத்ததைத் தருகிறதா? கடைசித் துண்டில் `h` இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு ஏழாம் பகுதியின் மூன்றெழுத்துச் சோதனையைச் செய்து, அந்த மூன்றெழுத்து மாற்றம் அட்டவணையின் விதிப்படி இருக்கிறதா என்றும் பார்த்தால் விடை கிடைத்துவிடும். இயந்திரத்தை ஓட்டவே வேண்டாம், சரத்தைப் படித்தால் போதும். நிற்காத ஓட்டத்துக்கு இப்படி ஒரு சரமே கிடையாது, ஏனென்றால் கடைசித் துண்டு என்று ஒன்று இல்லை.

மேல்வகுப்புப் பாடங்களில் ஒன்றுவிட்டு ஒரு துண்டைத் திருப்பி எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள்:

```
$p1011$110p1$10p11$1p101$1011p$...
```

அச்சுப் பிழை இல்லை. சரிபார்ப்பவரிடம் அடுக்கு ஒன்று மட்டும் இருந்தால், முதல் துண்டை எழுத்தெழுத்தாக அதில் போட்டுவிட்டு எடுக்கும்போது அது பின்னிருந்து முன்னாகத்தான் வரும். அடுத்த துண்டும் திருப்பி எழுதியிருந்தால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடலாம். திருப்பி எழுதிய துண்டுகளைப் படிக்கும்போது மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்கே தலை படிக்கும் குறி நிலைக்கு இடப்பக்கம் இருக்கும். `110p1`-இல் `p` படிப்பது `0`.